அந்தப் பதினெட்டு டன்னை யார் தூக்கினார்கள்?

ஏப்ரல், மே மாதம் வந்தால் நம் கைப்பேசித் திரையில் ஒரு வகைப் பதிவு வரிசைகட்டும். சிறிய தொண்டு நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையைச் சுருக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் எட்டுப் பத்துப் படங்களாக இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். கேரசல் என்று சொல்கிறோமே, அதுதான். முதலில் அமைப்பின் பெயரும் ஆண்டும். பிறகு பெரிய எழுத்தில் மூன்று எண்கள். அடுத்து ஒரு மனிதரின் கதை. கடைசியில் வரும் ஆண்டின் திட்டம். நாற்பது பக்க அறிக்கையை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் இந்த வடிவம் வந்தது. அதில் தப்பில்லை. நன்கொடை கொடுத்தவர், தன்னார்வலர், ஊர்க்காரர், மூவரும் அமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்று இந்தப் பட வரிசையில் இருந்துதான்.

அதனால்தான் அதில் எந்த மூன்று எண்கள் ஏறுகின்றன, யார் முகம் ஏறுகிறது என்பதைப் பற்றி எழுத நினைத்தோம். களப்பணிக்குப் போகும் சமூகப்பணி மாணவர்களுக்கு, ‘நம்ம என்ஜிஓவுக்கு ஒரு கேரசல் பண்ணிக் குடும்மா’ என்ற வேலை எப்படியும் வந்து சேரும். வடிவமைப்பு வேலை என்று நினைத்து உட்காருவீர்கள். எதை எண்ணுவது, எதை விடுவது என்ற முடிவை எடுக்கப்போவது நீங்கள்தான்.

பாபநாசத்தை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் ஆண்டு முழுக்கக் கூட்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களும் பரிகாரம் செய்பவர்களும் ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்தி வந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டி, சேலை, துண்டு, சட்டை, உள்ளாடை எல்லாம். பாவத்தையும் தோஷத்தையும் துணியோடு கழற்றிப் போடுவதாக நம்பிக்கை. அந்தத் துணி பாறை இடுக்கில் சிக்கி, மணலில் புதைந்து, கயிறுபோல முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன பிரச்சினை இது. துணியை அள்ளுவதற்குப் பல தன்னார்வ அமைப்புகள் முகாம் நடத்துகின்றன. நல்ல வேலை, தேவையான வேலை.

ஆனால் ஒருவர் கழற்றிப் போட்ட பாவத்தை இன்னொருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுக்கிறார். அந்த இன்னொருவர் யார் என்று திருநெல்வேலிச் சீமையில் பிறந்த யாருக்கும் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் தூய்மைப் பணி பெரும்பாலும் அருந்ததியர் தலையில் சுமத்தப்பட்ட வேலை. 1927 மார்ச்சில் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவ்தார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி 108 குடம் பசுஞ்சாணமும் கோமியமும் தயிரும் பாலும் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். நாம் தொட்டால் தண்ணீர் கெட்டுவிடும், கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்யவும் நாம்தான் தொட வேண்டும். இந்த இரண்டும் ஒரே சமூகத்தில் சண்டையில்லாமல் குடியிருப்பவை.

இனி ஒரு கேரசலைப் பார்ப்போம். ஆற்றுத் துணியை அள்ளும் ஒரு சிறிய அமைப்பு. இது எந்த ஓர் அமைப்பையும் குறிப்பதல்ல. இந்த வகைப் பதிவுகளில் வழக்கமாக வருவதை ஒன்றாக்கி, கணக்குப் புரிவதற்காக எண்களை நாங்களே போட்டிருக்கிறோம். அதன் மூன்று எண்கள் இவை: ‘18 டன் துணி அகற்றம்’, ‘1,200 தன்னார்வலர்கள்’, ‘24 முகாம்கள்’. கதையில் ஒரு வயதான தூய்மைப் பணியாளர், கையில் சொட்டும் சேலையோடு சிரிக்கிறார். ‘நதியைத் தாயாக நேசிக்கும் அம்மா’ என்று தலைப்பு. திட்டத்தில் ‘அடுத்த ஆண்டு 25 டன்! தாமிரபரணியைக் காப்போம், கைகோர்ப்போம்’. பார்க்க நன்றாக இருக்கிறது. இதயக் குறி குவியும்.

முதல் எண்ணுக்கு வருவோம். 18 டன் எப்படி வந்தது? யாரும் லாரியை எடைமேடையில் ஏற்றியிருக்க மாட்டார்கள். மூட்டையை எண்ணியிருப்பார்கள். 900 மூட்டை, மூட்டைக்கு 20 கிலோ, ஆக 18,000 கிலோ. அந்த 20 கிலோ ஆற்றிலிருந்து எடுத்த கையோடு தூக்கிப் பார்த்த எடை. நனைந்த பருத்தி வேட்டி காய்ந்த வேட்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு கனக்கும். மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதே மூட்டைகளைக் கரையில் இரண்டு நாள் வடியவிட்டு, பத்து மூட்டையை மட்டும் நிறுத்துப் பாருங்கள். சராசரி 8 கிலோ என்று வந்தால் மொத்தம் 7.2 டன். ஆக, 18 டன்னில் பாதிக்கு மேல் தாமிரபரணித் தண்ணீர்.

இதில் ஏமாற்று வேலை என்று எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஈர எடையும் ஓர் எடைதான். சொல்லப்போனால், தூக்கியவரின் முதுகுக்கு அந்த 20 கிலோதான் உண்மை. எங்கள் கருத்து, இரண்டையும் எழுத வேண்டும் என்பது. ‘900 மூட்டை. ஒவ்வொன்றும் ஈரத்தில் சுமார் 20 கிலோ. வடிந்த பிறகு 8 கிலோ.’ ஒரே படத்தில் அடங்கிவிடும் மூன்று வரி. ஆற்றில் எவ்வளவு துணி இருந்தது என்பதும், ஒருவர் எவ்வளவு பாரம் தூக்கினார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், அந்த மூட்டை யார் கணக்கு என்பது. பாபநாசம் விக்கிரமசிங்கபுரம் நகராட்சிக்கு உட்பட்டது. முகாம் இல்லாத நாட்களில் துணியை அள்ளுவது நகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். முகாம் நாளிலும் அவர்கள் வருவார்கள். அன்று கட்டிய மூட்டையை அமைப்பு தன் கணக்கில் எழுதும், நகராட்சி தன் கணக்கில் எழுதும். ஒரு மூட்டை இரண்டு முறை ஆற்றிலிருந்து வெளியே வந்துவிடும். மூட்டை நோட்டில் தேதி, படித்துறை, கட்டியவர்கள் யார் தரப்பு என்று மூன்று பத்தி போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. நோட்டு இல்லாத அமைப்பின் எண்ணைப் பெரிய எழுத்தில் போடாதீர்கள்.

இதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. போன ஆண்டு 600 மூட்டை, இந்த ஆண்டு 900 என்று வைத்துக்கொள்வோம். கேரசலில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு, ‘50 விழுக்காடு வளர்ச்சி’ என்று எழுதிவிடுவார்கள். எது வளர்ந்தது? ஆற்றில் துணி போடுவது வளர்ந்திருக்கலாம். அப்படியானால் அது தோல்வியின் எண். அல்லது முகாம் 12இலிருந்து 24 ஆகியிருக்கலாம். அப்போது ஒரு முகாமுக்குக் கிடைத்தது 50 மூட்டையிலிருந்து 37.5 ஆகக் குறைந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா? அதுவும் உறுதியில்லை. முகாம்களுக்கு இடையே நாள் குறைந்தால் சேரும் துணியும் குறையத்தானே செய்யும்? ஒரே 900, அதை வெற்றி என்றும் படிக்கலாம், தோல்வி என்றும் படிக்கலாம்.

உண்மை தெரிய வேண்டுமானால் ஒரே இடத்தை, ஒரே நாளில், ஆண்டுதோறும் எண்ண வேண்டும். ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, அதே படித்துறை, அதே நீளம். முந்தைய நாள் அங்கே முழுதாகச் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இல்லாவிட்டால் பழைய துணியும் கணக்கில் ஏறிவிடும். அந்த ஒரு காலை எண்ணிக்கை 140 மூட்டையிலிருந்து 110 ஆனால், ஏதோ நடந்திருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். அன்று ஆற்றில் வெள்ளம் வந்திருந்தால் துணியை அடித்துக்கொண்டு போயிருக்கும், அந்த ஆண்டை ஒப்பிடக் கூடாது. அதையும் படத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். துணி அள்ளும் அமைப்பு தன் ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட வேண்டியது இறங்கும் எண். ‘அடுத்த ஆண்டு 25 டன்!’ என்று இலக்கு வைப்பவர், அடுத்த ஆண்டும் பக்தர்கள் 25 டன் துணியை ஆற்றில் போட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்.

இரண்டாவது எண், 1,200 தன்னார்வலர்கள். 24 முகாம், முகாமுக்கு 50 பேர். பெருக்கினால் 1,200. இது வருகைக் கணக்கு. ஒரே கல்லூரி மாணவர் பத்து முகாமுக்கு வந்திருந்தால் அவர் பத்துப் பேராக எண்ணப்பட்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் பெயர்களை ஒருமுறை மட்டும் எண்ணினால் 210 பேர் வரலாம். மூன்று முகாமுக்கு மேல் வந்தவர்கள் என்று பார்த்தால் 38 பேர் தேறலாம். எங்களைக் கேட்டால் அந்த 38தான் அமைப்பின் உயிர். 1,200ஐ விட அது நல்ல எண்.

ஆனால் இந்த எண்ணில் நம்மை உறுத்துவது வேறு. முகாம் நடக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தன்னார்வலர்கள் கரையோரத்திலும் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பொறுக்குவார்கள். ஆழத்தில் பாறை இடுக்கில் சிக்கியதைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, முங்கி இழுப்பதற்கு ஆறு பேர் கூலிக்கு வருவார்கள். மணலில் புதைந்த ஒரு சேலையை உருவ நான்கு கை வேண்டும். அது வரும்போது உடைந்த பாட்டிலும் சேர்ந்து வரும். மூட்டையைக் கரை ஏற்றுவதும் அவர்களே. அறிக்கையின் மூன்று பெரிய எண்களில் இந்த ஆறு எங்கே இருக்கிறது? தன்னார்வலர் கணக்கில் இல்லை, ஏனென்றால் கூலி வாங்குகிறார்கள். ஊழியர் கணக்கில் இல்லை, ஏனென்றால் தினக்கூலி. மூட்டை எண்ணில் மட்டும் இருக்கிறார்கள். அங்கே ஆளாக இல்லை, டன்னாக இருக்கிறார்கள்.

அதனால் 24 முகாம் என்ற மூன்றாவது எண்ணைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பணத்தை வைக்கச் சொல்கிறோம். முகாம் எண்ணிக்கை நாட்காட்டியில் வட்டம் போட்ட கணக்கு, அதனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பணத்தை 100 ரூபாயாக்கிச் சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நம் எடுத்துக்காட்டு அமைப்பு ஆண்டில் 6,40,000 ரூபாய் செலவழித்தது என்று வையுங்கள். டிசர்ட், பேனர், மேடை, சாப்பாட்டுக்கு 1,92,000. லாரி வாடகை 1,28,000. ஆற்றில் இறங்கிய ஆறு பேருக்கு நாளுக்கு 600 வீதம் 24 நாளுக்கு 86,400. கையுறை, பூட்ஸ் 16,000. மீதி ஒருங்கிணைப்பாளர் சம்பளம், அலுவலகம், தணிக்கை. இப்போது 100 ரூபாய்க் கணக்கு போட்டால், டிசர்ட்டும் பேனரும் சாப்பாடும் 30 ரூபாய். ஆற்றில் இறங்கியவருக்கு 13 ரூபாய் 50 காசு. அவர் கைகாலுக்குப் பாதுகாப்பு 2 ரூபாய் 50 காசு.

இந்தப் படத்தைப் பதிவேற்ற எந்தச் செயலாளருக்கும் கை வராது. அந்தத் தயக்கத்துக்காகவே அது அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். அடுத்த ஆண்டு 13.50ஐ 25 ஆக்குவோம் என்று சொல்லும் அமைப்பை நாம் நம்பத் தொடங்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘நிர்வாகச் செலவு குறைவு’ என்று பெருமைப்படுவது தொண்டு நிறுவனங்களிடையே ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. அது வெளிநாட்டுப் பணத்துக்கான விதி. உள்ளூரில் சில லட்சம் திரட்டும் அமைப்புகளும் ஏனோ அதே கூச்சத்தோடு சம்பளத்தை ஒளிக்கின்றன. ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுப்பது குற்றமில்லை. கொடுக்காத அமைப்பில், வீட்டில் சோறு உறுதியாக உள்ளவர்கள் மட்டுமே ஒருங்கிணைப்பாளராக முடியும். சேரியிலிருந்து ஒரு பட்டதாரிப் பெண் அந்த நாற்காலிக்கு வர முடியாமல் போவதற்கு இதுவும் காரணம். ஆகவே சம்பளத்தைப் படத்தில் தைரியமாகப் போடுங்கள்.

பாதுகாப்புக் கருவி விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்களுக்குச் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் கிடைப்பதை உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்றன. தொண்டு நிறுவனம் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு அதைத் தன் சாதனையாகக் கேரசலில் போடும்போது, நகராட்சியின் கடமை ஒன்று சத்தமில்லாமல் தருமமாக மாறிவிடுகிறது. வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, ‘இது உள்ளாட்சி தர வேண்டியது, கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம், மனு எண் இது’ என்று ஒரு வரி சேருங்கள்.

இனி கதைக்கு வருவோம். ‘நதியைத் தாயாக நேசிக்கும் அம்மா.’ அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? அவர் ஆற்றை நேசிக்கலாம், நேசிக்காமலும் இருக்கலாம். பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். கூலிக்கு வந்தவரின் உழைப்பைப் பக்தியாக எழுதிவிட்டால் கூலியைப் பற்றிய பேச்சே எழாமல் போகும். தூய்மைப் பணியைப் புனிதமாக்கிப் பேசுவது இந்த நாட்டில் பெரிய இடங்களில் தொடங்கிய பழக்கம். நாமும் அதை ஒரு படத்தில் நகலெடுக்க வேண்டாம்.

கதை எழுதப் போகும் தோழர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி எளிது, நேரம்தான் பிடிக்கும். முகாம் நடக்கும் இடத்தில் வைத்துக் கேட்காதீர்கள். அங்கே கூலி கொடுப்பவர் பக்கத்தில் நிற்பார். ‘போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?’ என்றால், ‘எடுத்துக்கோ தாயி’ என்றுதான் பதில் வரும். அது சம்மதம் ஆகாது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். படம் கைப்பேசியில் எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். யார் யார் பார்ப்பார்கள் என்று ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: ஒப்பந்தக்காரர் பார்ப்பார், மேஸ்திரி பார்ப்பார், மகள் கல்யாணம் பேசும் வீட்டார் பார்க்கலாம், பேத்தியின் வகுப்புத் தோழிகள் பார்க்கலாம். இதையெல்லாம் கேட்ட பிறகு, ‘அப்ப என் மொகம் வேணாம் தாயி, பேச்ச மட்டும் போடு’ என்று அவர் சொன்னால் அதுதான் உங்கள் கதையின் வடிவம். ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், ‘கையுறை தரலை’ என்று சொன்னது முகத்தோடு வெளியே போனால், அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு போன் போதும். பிறகு பதிவை நீக்கலாம். அதற்குள் அது பத்து வாட்ஸாப் குழுக்களில் ஏறியிருக்கும்.

முகம் இல்லாவிட்டால் கதை எடுபடாது என்பார்கள். கைகளைக் காட்டலாம், மூட்டையைக் காட்டலாம். அதையும்விட, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் மொழியிலேயே பெரிதாகப் போடலாம். எந்தப் பாறையில் துணி அதிகம் சிக்கும், எந்த மாதத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும், எதில் கால் கிழியும் என்று அவருக்குத் தெரிந்த அளவு அந்த 1,200 பேரில் யாருக்கும் தெரியாது. பரிதாபத்துக்குரியவராக நிறுத்தாமல் வேலை தெரிந்தவராக அவரைக் காட்டுவதற்கு இது ஒன்றே போதும்.

சாதியைச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி நம் வாசகர்களிடம் கட்டாயம் எழும். சொல்லாமல் விட்டால் மூடி மறைத்தது ஆகும். அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே அவர் சாதியை எழுதினால், நம் நோக்கம் எதுவானாலும், ஒரு தனி மனிதரை ஊரறிய அடையாளப்படுத்தியது ஆகும். எங்கள் நிலைப்பாடு, சாதியை அமைப்பின் கணக்கில் எழுதுங்கள், ஆளின் முகத்தில் எழுதாதீர்கள் என்பது. ஒரு படம் ஒதுக்குங்கள். நிர்வாகக் குழுவில் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை, பெண்கள் எத்தனை. ஆற்றில் இறங்கும் கூலியாட்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை. மேலே சுழி, கீழே ஆறுக்கு ஆறு என்று வந்தால் அதற்கு விளக்க உரை எதுவும் தேவைப்படாது. ஆறு பேர் மட்டுமே உள்ள இடத்தில் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அவர்களிடம் கேட்டுவிட்டே இதையும் போட வேண்டும்.

திட்டத்துக்கான படத்தில் பெரும்பாலும் ஆசைகள்தான் இருக்கும். ‘காப்போம்’, ‘மீட்போம்’, ‘கைகோர்ப்போம்’. இவை எதுவும் அடுத்த ஏப்ரலில் சரிபார்க்க முடியாதவை. சரிபார்க்கக்கூடிய திட்டம் எப்படி இருக்கும்? துணியை ஆற்றில் விழவிடாமல் கரையிலேயே வாங்கிக்கொள்வது என்று வைப்போம். ஆடி அமாவாசைக்கு முன்பாகப் படித்துறையில் ஆறு இடத்தில் பெரிய தொட்டி. ஒவ்வொன்றிலும் அதிகாலை 4 மணி முதல் மாலை வரை முறை வைத்து இரண்டு பேர். தர்ப்பணம் செய்து வைப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, ‘துணியைத் தொட்டியில் போடுங்க’ என்று அவர்கள் வாயால் சொல்ல வைப்பது. இது முக்கியம், ஏனென்றால் பக்தர் தன்னார்வலர் சொல்வதைக் கேட்க மாட்டார், சடங்கு செய்து வைப்பவர் சொன்னால் கேட்பார். செலவு இவ்வளவு, நகராட்சியிடம் கேட்டது இது, கோயில் நிர்வாகத்திடம் கேட்டது இது. மறுநாள் காலை மூட்டை எண்ணிக்கை 140இலிருந்து 110க்குக் கீழே வந்தால் திட்டம் பலித்தது, வராவிட்டால் இல்லை.

அப்படியே, தொட்டியில் விழுந்த துணி எங்கே போகும் என்றும் எழுத வேண்டும். ஆற்றிலிருந்து எடுத்த துணி குப்பைக் கிடங்கில் போய்க் குவிந்தால், அங்கும் அதைப் பிரித்து அடுக்குவது யார் கை என்று தெரிந்ததுதானே.

திட்டப் படத்துக்கு முன்னால் இன்னொரு படம் வேண்டும். யாரும் போடுவதில்லை. போன ஆண்டு என்ன சொன்னோம், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது. ‘ஆறு பேருக்கும் விபத்துக் காப்பீடு எடுப்போம் என்றோம். நால்வருக்கு எடுத்தோம். இருவரின் ஆதாரில் பெயர்ப் பிழை, இன்னும் முடியவில்லை.’ இப்படி ஒரு படத்தைப் போடும் அமைப்பு நன்கொடையாளரை இழந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். தொடர்ந்து நன்கொடை கொடுக்கும் ஆட்கள் தேடுவது இதைத்தான் என்பது எங்கள் எண்ணம்.

வடிவம் பற்றிக் கொஞ்சம். இன்ஸ்டாகிராமில் முன்பு பத்துப் படம்தான் போடலாம், 2024 முதல் இருபது வரை போடலாம். அதற்காக இருபதையும் நிரப்பாதீர்கள். எட்டுப் போதும். 1080க்கு 1350 பிக்சல் என்ற செங்குத்து அளவில் செய்தால் திரையில் அதிக இடம் பிடிக்கும், தமிழ் எழுத்துக்கு அந்த இடம் தேவை. ஒரு படத்தில் முப்பது சொல்லுக்கு மேல் போனால் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். நம் ஊரில் கேரசலை முழுதாகப் பார்ப்பவரைவிட, அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புபவர் அதிகம். அதனால் ஒவ்வொரு படத்திலும் அமைப்பின் பெயரும் ஆண்டும் எண்ணின் அலகும் இருக்க வேண்டும். ‘18 டன்’ என்று மட்டும் தனியாக உலவினால் அது எந்த ஆறு, எந்த ஆண்டு என்றே தெரியாது. ஆண்டு என்று சொல்லும்போதும் கவனம் வேண்டும். பணக்கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, மூட்டைக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று இருந்தால், ஒரு மூட்டைக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்ப்பது அர்த்தமற்றுப் போகும். இரண்டையும் ஏப்ரல் முதலே எண்ணுங்கள்.

கடைசிப் படத்தில் கியூஆர் குறி போடுகிறார்கள். கைப்பேசியில் பார்ப்பவர் அதே கைப்பேசியால் அதை எப்படிப் படம்பிடிப்பார் என்று தெரியவில்லை. முழு அறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் எங்கே கிடைக்கும் என்பதைச் சுயவிவரப் பக்கத்தில் இணைப்பாகக் கொடுத்துவிட்டு, படத்தில் அதைச் சொன்னால் போதும். இந்த அளவு பணம் கையாண்டு வருமான வரி விலக்கும் பெறும் அமைப்பிடம் தணிக்கைக் கணக்கு இருந்தே தீரும். கேட்டால், ‘ஆடிட்டர்கிட்ட இருக்கு’ என்பார்கள். ஆடிட்டரிடமிருந்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

பதிவேற்றுவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி. எட்டுப் படத்தையும் அச்செடுத்தோ கைப்பேசியிலோ, ஆற்றில் இறங்கும் அந்த ஆறு பேருக்கும் காட்டுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். மூட்டை எண்ணிக்கை தப்பு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கூலி 600 என்று போட்டிருக்கிறீர்கள், மேஸ்திரி பிடித்தம் போகக் கைக்கு வந்தது 500தான் என்று சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். அப்படி ஒரு சொல் வந்தால் பதிவேற்றம் அன்று வேண்டாம். முதலில் அந்த நூறு ரூபாய் எங்கே போனது என்று பாருங்கள்.